நீண்ட சாட் உரையாடலிலிருந்து, செய்து பார்த்தவற்றையும் இறுதித் தீர்வையும் பிரித்து எழுதுவது எப்படி

வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் புதிதாகச் சேருபவர்களிடம் தொடக்கத்திலேயே ஒப்படைக்கப்படும் வேலைகளில் ஒன்று, முடிந்துபோன ஒரு நீண்ட சாட்டைப் படித்து, ‘என்னென்ன செய்து பார்க்கப்பட்டது, கடைசியில் எது சரிசெய்தது’ என்று ஒரு பக்கத்துக்குள் டிக்கெட்டில் எழுதி வைப்பது. உரையாடலைச் சுருக்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் சுருக்கிய உரையாடலும் உரையாடலாகவே இருக்கும். நமக்கு வேண்டியது வேறு. இந்தக் குறிப்பை இரண்டு பேர் படிப்பார்கள். ஒருவர், இதே வாடிக்கையாளர் மறுபடியும் வரும்போது அவரிடம் பேசப்போகிற முகவர். ஏற்கெனவே செய்ததைத் திரும்பச் செய்யச் சொல்லாமல் இருக்க அவருக்குச் செய்தவற்றின் பட்டியல் வேண்டும். மற்றவர், சில மாதங்கள் கழித்து வேறொரு வாடிக்கையாளரிடம் இதே அறிகுறியைப் பார்க்கப்போகிற முகவர்; அவருக்குக் காரணமும் தீர்வும் வேண்டும். இந்த இருவருக்கும் உதவாத வரி எதுவும் குறிப்பில் இருக்கத் தேவையில்லை.

ஒரே ஒரு சாட்டை எடுத்துக்கொண்டு முழுவதும் செய்து காட்டுகிறேன். இரண்டு நாட்கள் நீண்ட, ஏறத்தாழ நூற்றைம்பது செய்திகள் கொண்ட உரையாடல் அது. விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து வைஃபை பிரிண்டருக்கு அச்சு போகவில்லை என்பது புகார். முதல் நாள் ஒரு முகவர், மறுநாள் இன்னொரு முகவர். இதைப் பயிற்சிக்காக நானே அமைத்தேன். ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு சிக்கலும் இந்த வேலையில் அடிக்கடி எதிர்ப்படுவதுதான்.

முதலில் முடிவைப் படியுங்கள், ஆனால் அதை உடனே நம்பிவிடாதீர்கள்

எழுதத் தொடங்குவதற்கு முன் சாட்டின் கடைசிப் பகுதிக்குப் போய், வாடிக்கையாளர் எதைச் சொல்லி விடைபெற்றார் என்று பாருங்கள். எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்று தெரிந்த பிறகு மேலிருந்து படித்தால், வழியில் வரும் சிறிய செய்திகளின் எடை தெரியும். புதியவர்கள் செய்யும் மிகப் பொதுவான பிழையும் இங்கேதான் தொடங்குகிறது: ‘வந்துவிட்டது, நன்றி’ என்ற வரியைத் தேடிப் பிடித்து, அதற்கு நேர் மேலே சொல்லப்பட்ட செயலைத் தீர்வு என்று எழுதிவிடுகிறார்கள்.

நம் சாட்டில் அந்த நன்றி இரண்டு முறை வருகிறது. முதல் நாள் 12:08க்கு டெஸ்ட் பேஜ் அச்சாகி, வாடிக்கையாளர் நன்றி சொல்லி, டிக்கெட் மூடப்படுகிறது. அதற்கு நேர் மேலே இருப்பது டிரைவரை நீக்கி மறுபடி நிறுவியது. மறுநாள் காலை 9:15க்கு அவர் திரும்பி வந்து ‘மறுபடியும் அதே கதை’ என்கிறார். அப்படியானால் முதல் நாள் எதுவும் சரியாகவில்லையா? சரியானது, ஆனால் நிலைக்கவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியை விளக்குவதுதான் இந்தக் குறிப்பின் மையமாக இருக்கப்போகிறது என்பது இப்போதே தெரிந்துவிட்டது.

அறிகுறியை வாடிக்கையாளர் பார்த்தபடியே எழுதுங்கள்

குறிப்பின் முதல் பத்தி, எது வேலை செய்யவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ‘பிரிண்டர் பழுது’ என்று எழுதினால் அது ஏற்கெனவே ஒரு முடிவு. திரையில் தெரிந்த சொல் என்ன, எப்போதிலிருந்து, எந்தச் சாதனத்தில் என்பவற்றை எழுதுங்கள். திரைச் செய்தியை மொழிபெயர்க்காமல் அப்படியே வையுங்கள், ஏனென்றால் அடுத்த முகவர் அந்தச் சொல்லைக் கொண்டுதான் தேடுவார். இந்த வழக்கில்: ‘லேப்டாப்பில் பிரிண்டர் Offline என்று காட்டுகிறது, முதல் நாள் காலையிலிருந்து, முந்தைய மாலை வரை அச்சானது.’

அறிகுறியைப் போலவே முக்கியமானது, எது வேலை செய்கிறது என்பது. வாடிக்கையாளர் இதைத் தனியாகச் சொல்லமாட்டார். வேறு எதையோ சொல்லும்போது இடையில் சொல்லிவிட்டுப் போவார். இந்தச் சாட்டில் 10:41க்கு அப்படி ஒரு வரி இருக்கிறது:

> வாடிக்கையாளர்: அவசரத்துக்கு மொபைலிலிருந்து கொடுத்தேன், அது வருகிறது. லேப்டாப்தான் படுத்துகிறது.
> முகவர்: சரி சார், அடுத்து நான் சொல்வதைச் செய்து பாருங்கள்.

முகவர் இதைக் கவனிக்காமல் கடந்துவிட்டார். ஆனால் முழு உரையாடலிலும் மிகவும் பயனுள்ள தகவல் இதுதான். மொபைலிலிருந்து அச்சாகிறது என்றால் பிரிண்டர் நன்றாக இருக்கிறது, வைஃபையில் இணைந்திருக்கிறது, ரவுட்டரும் தன் வேலையைச் செய்கிறது. பிரிண்டருக்குப் போகும் வழியில் லேப்டாப்தான் எங்கோ தவறுகிறது. யாரும் செய்யச் சொல்லாத, எந்தப் படியிலும் சேராத இப்படிப்பட்ட வரிகளுக்காகவே நான் சாட்டை இரண்டாவது முறை முழுமையாகப் படிப்பேன். இவற்றை ‘தெரிந்த தகவல்கள்’ என்று தனியாக, நேரத்துடன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேரம் ஏன் தேவை என்பது பின்னால் தெரியும்.

சொன்னது வேறு, செய்தது வேறு, முறையாகச் செய்தது வேறு

இப்போது மேலிருந்து வந்து ஒவ்வொரு செயலையும் பிரித்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள்: முகவர் என்ன சொன்னார், வாடிக்கையாளர் உண்மையில் என்ன செய்தார், அதன் பிறகு திரையிலோ கருவியிலோ என்ன தெரிந்தது. முகவர் சொன்னதை மட்டும் வரிசையாக எடுத்து எழுதினால், அது அறிவுரைகளின் பட்டியலாக இருக்குமே தவிர, செய்து பார்த்தவற்றின் பட்டியலாக இருக்காது.

10:06க்கு முகவர் பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்கிறார். 10:09க்கு ‘செய்துவிட்டேன், அப்படியேதான் இருக்கிறது’ என்ற பதில் வருகிறது. இதை ‘செய்யப்பட்டது, பலனில்லை’ என்று எழுதிவிட்டு நகர்வது இயல்பு. ஆனால் ஒரு மணி நேரம் கழித்து, 11:20க்கு, இப்படி வருகிறது:

> வாடிக்கையாளர்: முன்னால் இருக்கும் பட்டனை அழுத்தினால் விளக்கு மங்கிவிடுகிறது, மறுபடி அழுத்தினால் வருகிறது. காலையிலும் அப்படித்தான் செய்தேன்.
> முகவர்: அது ஸ்லீப் பட்டன் சார். பின்னால் இருக்கும் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடம் கழித்துப் பொருத்துங்கள்.
> வாடிக்கையாளர்: கழற்றிப் பொருத்திவிட்டேன். இப்போதும் Offline.

அப்படியானால் 10:09க்குப் பிரிண்டர் அணைந்து எழவே இல்லை; அது உறங்கி விழித்தது, அவ்வளவுதான். உண்மையான மறுதொடக்கம் 11:20க்குப் பிறகுதான் நடந்தது. குறிப்பில் இது ஒரே ஒரு படியாக, 11:20ஆம் நேரத்தில் வர வேண்டும். ‘செய்துவிட்டேன்’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம், பின்னால் எங்காவது அது திருத்தப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வாடிக்கையாளர் பொய் சொல்வதில்லை. தமக்குப் புரிந்த அளவில் செய்துவிட்டு, செய்ததாகச் சொல்கிறார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு: செய்ய முயன்று முடியாமல் போனது. 10:25க்கு முகவர் அச்சு வரிசையை நிர்வகிக்கும் Print Spooler சேவையை நிறுத்தித் தொடங்கச் சொல்லி இந்தக் கட்டளைகளைத் தருகிறார்:

```
net stop spooler
net start spooler
```

வாடிக்கையாளருக்குக் கிடைத்த பதில் `System error 5 has occurred.` என்பதும் `Access is denied.` என்பதும். நிர்வாகி அனுமதி இல்லாமல் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்ததால் சேவை நிற்கவே இல்லை. 10:34க்கு நிர்வாகியாகத் திறந்து மறுபடி கொடுத்தபோது சேவை நின்று தொடங்கியது. முதல் முயற்சியைத் தனிப் படியாக எழுத வேண்டியதில்லை. ஆனால் ‘நிர்வாகியாகத் திறந்து’ என்ற சொற்கள் அந்தப் படியில் இருந்தாக வேண்டும். அவை இல்லாமல் போனால், குறிப்பைப் படித்துச் செய்பவர் அதே பிழையில் போய் நிற்பார்.

அந்தப் படியின் விளைவையும் கவனியுங்கள். அச்சு வரிசையில் Deleting என்று நின்றிருந்த இரண்டு ஆவணங்கள் மறைந்தன. ஆனால் Offline அப்படியே இருந்தது. இதை ‘பலனில்லை’ என்று எழுதுவது சரியல்ல, ‘பலன் கிடைத்தது’ என்று எழுதுவதும் சரியல்ல. எது மாறியது, எது மாறவில்லை என்று இரண்டையும் எழுதுங்கள். ஒரு செயலுக்குப் பிறகு அறிகுறி பாதி மாறுவது, பல வழக்குகளில் காரணத்தின் திசையைக் காட்டிவிடும். ‘பலனில்லை’ என்ற ஒற்றைச் சொல் அதை மூடிவிடும்.

பார்த்ததையும் முடிவு செய்ததையும் ஒரே வாக்கியத்தில் வைக்காதீர்கள்

இந்த வேலையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

10:50க்கு முதல் முகவர், பிரிண்டரின் Ports பகுதியில் தேர்வாகியிருக்கும் ஐபி முகவரியைப் படிக்கச் சொல்கிறார். வாடிக்கையாளர் 192.168.1.24 என்கிறார். அந்த முகவரிக்கு `ping` கொடுக்கச் சொல்கிறார். பதில் வருகிறது:

```
Reply from 192.168.1.24: bytes=32 time=6ms TTL=64
```

முகவர் எழுதுகிறார்: ‘நல்லது சார், பிரிண்டர் நெட்வொர்க்கில் இருக்கிறது, இணைப்பில் சிக்கல் இல்லை.’ சாட்டைச் சுருக்குபவர் பெரும்பாலும் இதை ‘பிரிண்டருக்கு பிங் கொடுக்கப்பட்டது, இணைப்பு சரியாக உள்ளது’ என்று எழுதுவார். படிக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. ஆனால் நடந்தது என்ன? 192.168.1.24 என்ற முகவரிக்கு பிங் கொடுக்கப்பட்டது, அந்த முகவரியில் இருந்த ஏதோ ஒன்று பதில் அனுப்பியது, அவ்வளவுதான். அது பிரிண்டர் என்பது முகவரின் ஊகம். மறுநாள் ரவுட்டரின் சாதனப் பட்டியலைத் திறந்தபோதுதான், அந்த முகவரி வீட்டிலுள்ள ஒரு மொபைலிடம் இருந்தது தெரிந்தது.

குறிப்பில் ‘192.168.1.24க்கு பிங்: பதில் வந்தது’ என்று மட்டும் இருந்திருந்தால், அடுத்து வருபவர் ‘அந்த முகவரி பிரிண்டருடையதுதானா?’ என்று கேட்க ஒரு வாய்ப்பு இருக்கும். ‘இணைப்பு சரியாக உள்ளது’ என்று இருந்தால், அவர் அந்தக் கதவைத் திறக்காமலே கடந்துவிடுவார். ஆகவே ஒவ்வொரு படியிலும் முதலில் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்; முகவரின் முடிவு முக்கியமானது என்றால் அதை அடுத்த வாக்கியத்தில், ‘இதிலிருந்து முகவர் கருதியது’ என்று குறித்து எழுதுங்கள். அந்த முடிவு பின்னால் தவறு என்று தெரிந்திருந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். தவறான முடிவை அழித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். நான் அழிப்பதில்லை, அடுத்த முகவரும் அதே பிங்கைக் கொடுத்து அதே பதிலைப் பார்த்து அதே முடிவுக்கு வரக்கூடும் என்பதால், அந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை இருப்பது நல்லது.

ஒரே நேரத்தில் செய்யப்பட்டவற்றைப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள்

11:35க்கு முகவர் ரவுட்டரை மறுதொடக்கம் செய்யச் சொல்கிறார். அது எழுந்து வரக் காத்திருக்கும் நேரத்தில், வாடிக்கையாளர் தாமாகவே பிரிண்டரை லேப்டாப்பிலிருந்து நீக்கிவிடுகிறார். ரவுட்டர் வந்தவுடன் தயாரிப்பாளரின் நிறுவல் மென்பொருளைப் பதிவிறக்கி மறுபடி நிறுவுகிறார். 12:08க்கு அச்சு வருகிறது. முகவருக்கு இது 12:10க்குத்தான் தெரிய வருகிறது.

இப்போது எது வேலை செய்தது? இரண்டும் ஒன்றாக நடந்ததால், இந்த இரண்டு வரிகளை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. நேர்மையான குறிப்பு, ‘ரவுட்டர் மறுதொடக்கமும் மறுநிறுவலும் ஒன்றாகச் செய்யப்பட்டன, அதன் பின் அச்சு வந்தது’ என்று ஒரே படியாகத்தான் இருக்கும். இரண்டு படிகளாக எழுதினால், படிப்பவர் இரண்டாவதைத் தீர்வு என்று எடுத்துக்கொள்வார்.

ஆனால் சாட்டின் வேறு பகுதிகளில் சான்று இருக்கிறதா என்று தேடலாம். இங்கே இரண்டு சான்றுகள் உள்ளன. ஒன்று, 10:41இல் மொபைலிலிருந்து அச்சு வந்தது. அதாவது ரவுட்டரை மறுதொடக்கம் செய்வதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே ரவுட்டரும் பிரிண்டரும் சரியாக இருந்தன. நேரத்தைக் குறித்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். இரண்டு, மறுநாள் இரண்டாவது முகவர் Ports பட்டியலைப் படிக்கச் சொன்னபோது, அங்கே பழைய 192.168.1.24 உடன் 192.168.1.31 என்று ஒரு புதிய பதிவும் இருந்தது, அதுதான் தேர்வாகியிருந்தது. மறுநிறுவலின்போது நிறுவல் மென்பொருள் பிரிண்டரை நெட்வொர்க்கில் தேடி, அன்று அதற்கு இருந்த முகவரியில் ஒரு புதிய போர்ட்டை உருவாக்கியிருக்கிறது. லேப்டாப் சரியான முகவரிக்குப் போனதால் அச்சு வந்தது. ஆக, பலன் தந்தது டிரைவர் கோப்புகள் புதிதானதோ ரவுட்டர் மறுபடி எழுந்ததோ அல்ல. மறுநிறுவலின் ஒரு பக்கவிளைவாக முகவரி திருந்தியது. இந்த விளக்கம் ஊகம்தான் என்றாலும் சான்றுள்ள ஊகம். குறிப்பில் அதை அப்படியே, என்ன சான்று என்பதோடு எழுதுங்கள்.

இறுதித் தீர்வை எல்லாப் படிகளோடும் உரசிப் பாருங்கள்

மறுநாள் இரண்டாவது முகவர் நல்ல ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறார்: இரவில் பிரிண்டரை என்ன செய்வீர்கள்? சுவரில் உள்ள சுவிட்சையே அணைத்துவிடுவேன் என்கிறார் வாடிக்கையாளர். அடுத்து, பிரிண்டரின் பலகத்திலிருந்தே அதன் நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிடச் சொல்கிறார். அதில் ஐபி முகவரி 192.168.1.37 என்று இருக்கிறது. லேப்டாப்போ நேற்று உருவான 192.168.1.31ஐத் தேடிக்கொண்டிருக்கிறது.

காரணம் இங்கே வெளிப்படுகிறது. ரவுட்டர் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாகக் கொடுக்கிறது. இந்த ரவுட்டரில் அது இரண்டு மணி நேரம் என்று அமைக்கப்பட்டிருந்தது. பிரிண்டர் இரவெல்லாம் அணைந்திருக்கும்போது குத்தகை முடிந்து, அந்த முகவரி வேறொரு சாதனத்துக்குப் போய்விடுகிறது. காலையில் பிரிண்டர் எழும்போது வேறு முகவரி கிடைக்கிறது. லேப்டாப்பின் போர்ட்டில் முகவரி நிலையாக எழுதப்பட்டிருப்பதால் அது பழைய இடத்திலேயே தட்டிக்கொண்டிருக்கிறது. மொபைல் ஒவ்வொரு முறையும் பிரிண்டரைப் பெயரால் தேடிக் கண்டுபிடிப்பதால் அதற்கு இந்தச் சிக்கல் வரவில்லை.

தீர்வாக முகவர் இரண்டு செயல்களைச் செய்ய வைக்கிறார். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், பிரிண்டரின் மேக் முகவரிக்கு 192.168.1.37 என்ற ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்குவது ஒன்று. லேப்டாப்பில் அதே முகவரிக்கு ஒரு போர்ட்டை உருவாக்கித் தேர்ந்தெடுப்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்ததுதான் தீர்வு. போர்ட்டை மட்டும் மாற்றினால் மறுநாள் காலை மறுபடியும் சிக்கல் வரும். முகவரியை மட்டும் ஒதுக்கினால் லேப்டாப் பழைய முகவரியிலேயே இருக்கும். முதல் நாள் நடந்தது, தீர்வின் பாதி தற்செயலாக நடந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது.

எழுதுவதற்கு முன், நீங்கள் காரணம் என்று கருதுவது எல்லாப் படிகளின் விளைவையும் விளக்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். பிரிண்டரை மறுதொடக்கம் செய்தது ஏன் உதவவில்லை? லேப்டாப்பின் போர்ட் மாறவில்லை. ஸ்பூலர்? வரிசை தெளிந்தது, சேருமிடம் தவறாகவே இருந்தது. பிங் ஏன் பதில் தந்தது? அந்த முகவரியில் மொபைல் இருந்தது. முதல் நாள் ஏன் சரியானது, மறுநாள் ஏன் கெட்டது? இரண்டுக்கும் விடை இருக்கிறது. ‘டிரைவர் பழுது’ என்று காரணம் எழுதியிருந்தால் கடைசிக் கேள்வியிலேயே அது நின்றுபோயிருக்கும், ஒரே இரவில் டிரைவர் தானாகக் கெடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. ஏதாவது ஒரு படியின் விளைவு உங்கள் விளக்கத்துக்குள் அடங்கவில்லை என்றால், அதைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடாதீர்கள். ‘இது விளக்கப்படவில்லை’ என்று எழுதி விடுங்கள்.

சரிபார்ப்பையும் தீர்வின் பகுதியாகவே எழுத வேண்டும். ‘அச்சு வந்தது’ என்பது முதல் நாளும் நடந்தது. ஆகவே அது போதாது. சிக்கலைக் கிளப்பிய நிலையை மறுபடி உருவாக்கிப் பார்த்தார்களா என்பதே கேள்வி. இரண்டாவது முகவர் பிரிண்டரின் மின்சாரத்தை அணைக்கச் செய்து, ரவுட்டரையும் மறுதொடக்கம் செய்ய வைத்து, பிறகு பிரிண்டரை எழுப்பி, விவரப் பக்கத்தில் முகவரி 37தான் என்று உறுதி செய்தார். இரவு முழுவதும் அணைந்திருந்த பிறகு என்ன ஆனது என்பதை அறிய டிக்கெட்டைத் திறந்தே வைத்திருந்தார். மூன்றாம் நாள் காலை வாடிக்கையாளர் லேப்டாப்பிலிருந்து அச்சு வந்ததாகத் தெரிவித்தார். அந்தச் செய்தி வராமல் போயிருந்தால், ‘தீர்ந்தது’ என்று எழுதாமல், ‘மறுதொடக்கத்துக்குப் பின் வேலை செய்தது, இரவுக்குப் பின் உறுதிப்படுத்தப்படவில்லை’ என்று எழுதியிருக்க வேண்டும்.

எழுதி முடித்த குறிப்பு

இவ்வளவும் செய்த பிறகு குறிப்பு சிறியதாகத்தான் இருக்கும். காத்திருக்கச் சொன்னது, மன்னிப்புக் கேட்டது, ஒரே கேள்வியை இருமுறை கேட்டது எல்லாம் விழுந்துவிடும். படிகளைச் செய்த வரிசையிலும், காரணத்தையும் தீர்வையும் தனியாகவும் எழுதுங்கள்.

> அறிகுறி: விண்டோஸ் லேப்டாப்பில் வைஃபை பிரிண்டர் Offline என்று காட்டுகிறது. முந்தைய மாலை வரை அச்சானது. இதே நேரத்தில் மொபைலிலிருந்து அச்சாகிறது (முதல் நாள் 10:41). பிரிண்டர் இரவில் சுவர் சுவிட்சில் அணைக்கப்படுகிறது.
>
> செய்து பார்த்தவை:
> 1. கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து Print Spooler மறுதொடக்கம். வரிசையில் நின்ற ஆவணங்கள் மறைந்தன, Offline நீடித்தது.
> 2. போர்ட்டில் இருந்த 192.168.1.24க்கு பிங். பதில் வந்தது. (அது பிரிண்டர் அல்ல, ஒரு மொபைல் என்று மறுநாள் தெரிந்தது.)
> 3. மின்கம்பியைக் கழற்றிப் பிரிண்டர் மறுதொடக்கம். மாற்றமில்லை. (முன்பு 10:09க்குச் செய்தது ஸ்லீப் மட்டுமே.)
> 4. ரவுட்டர் மறுதொடக்கமும் பிரிண்டர் மறுநிறுவலும் ஒன்றாக. அச்சு வந்தது, மறுநாள் காலை மறுபடி Offline. மறுநிறுவல் 192.168.1.31 என்ற புதிய போர்ட்டை உருவாக்கியது. தற்காலிகப் பலனுக்கு அதுவே காரணம் எனக் கருதப்படுகிறது.
> 5. பிரிண்டரிலிருந்தே நெட்வொர்க் விவரப் பக்கம் அச்சிடப்பட்டது. உண்மை முகவரி 192.168.1.37, லேப்டாப் போர்ட்டில் 192.168.1.31.
>
> காரணம்: இரவில் பிரிண்டர் அணைந்திருக்கும்போது முகவரிக் குத்தகை முடிந்து, காலையில் வேறு முகவரி கிடைக்கிறது. லேப்டாப்பின் போர்ட்டில் பழைய முகவரி நிலையாக இருக்கிறது.
>
> தீர்வு: ரவுட்டரில் பிரிண்டருக்கு 192.168.1.37 நிரந்தரமாக ஒதுக்கப்பட்டது. லேப்டாப்பில் அதே முகவரிக்குப் போர்ட் உருவாக்கித் தேர்வு செய்யப்பட்டது. இரண்டும் தேவை.
>
> சரிபார்ப்பு: பிரிண்டரும் ரவுட்டரும் அணைத்து எழுப்பப்பட்டன, முகவரி மாறவில்லை, அச்சு வந்தது. மூன்றாம் நாள் காலை, இரவு முழுவதும் அணைந்திருந்த பின், வாடிக்கையாளர் உறுதி செய்தார்.

இந்தக் குறிப்பு டிக்கெட்டுக்குள் இருக்கும்வரை இப்படியே இருக்கலாம். மற்ற முகவர்களும் தேடிப் படிக்கும் பொதுக் குறிப்புத் தொகுப்புக்கு மாற்றும்போது இரண்டு வேலைகள் மீதம் உள்ளன. முதலாவது, சாட்டை மறுபடி ஒருமுறை படித்து, வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், கருவியின் வரிசை எண், மேக் முகவரி, அவசரத்தில் அவர் தட்டச்சு செய்துவிட்ட கடவுச்சொல் ஆகிய எதுவும் குறிப்புக்குள் வரவில்லை என்று உறுதி செய்வது. ரவுட்டர் பக்கத்துக்குள் நுழையச் சொன்ன இடத்தில், இந்தச் சாட்டிலும் வாடிக்கையாளர் ‘இதுதானே’ என்று கேட்டுக் கடவுச்சொல்லை அப்படியே அனுப்பியிருந்தார். அப்படி நடந்திருந்தால் குறிப்பிலிருந்து நீக்குவதோடு நிறுத்தாமல், அதை மாற்றிக்கொள்ளும்படி வாடிக்கையாளருக்கும் தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது, தலைப்பு. ‘முகவரிக் குத்தகை முடிந்து போர்ட் மாறுபடுதல்’ என்று தலைப்பிட்டால், காரணம் ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டுமே அது கிடைக்கும். தேடுபவரிடம் அப்போது இருப்பது அறிகுறி மட்டும்தான். ஆகவே ‘லேப்டாப்பில் வைஃபை பிரிண்டர் காலையில் Offline, மொபைலிலிருந்து அச்சாகிறது, மறுநிறுவினால் ஒரு நாள் மட்டும் சரியாகிறது’ என்று வையுங்கள்.